முதல் புகைப்படத்துக்கு ஏன் ஒரு பகல் தேவைப்பட்டது? உலோகத் தகட்டுப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகின் முதல் புகைப்படம் எடுக்க எட்டு மணி நேரம் ஆனதாமே, நிஜமா?

அந்த எட்டு மணி நேரம் யாரும் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்தது கிடையாது. படத்தைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் போட்ட கணக்கு.

பிரான்சில் ஷாலோன் ஊருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நிசெஃபோர் நியெப்ஸ் என்பவர் தன் வீட்டு மாடி ஜன்னலில் ஒரு இருட்டுப்பெட்டியை, அதாவது அந்தக் காலக் கேமராவை வைத்து, வெளியே தெரிந்த கூரைகளையும் சுவர்களையும் ஒரு உலோகத் தகட்டில் பதித்தார். ஆண்டு 1826 அல்லது 1827. நிலைத்து நின்று இன்றுவரை நமக்குக் கிடைத்திருக்கும் கேமரா படங்களில் இதுதான் மிகப் பழையது. அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையத்தில் இருக்கிறது.

அந்தப் படத்தில் ஒரு விசித்திரம் உண்டு. முற்றத்தின் இடப்பக்கச் சுவரிலும் வெயில், வலப்பக்கச் சுவரிலும் வெயில். காலை வெயில் ஒரு பக்கம் விழுந்தால் மாலை வெயில்தான் மறுபக்கம் விழும். ஆகவே காலையில் திறந்த பெட்டி மாலை வரை திறந்தே இருந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். எட்டு மணி நேரம் என்பது அப்படி வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், பெட்டியை இரண்டு மூன்று நாள் அசைக்காமல் வைத்திருந்தாலும் இரண்டு சுவரிலும் வெயில் இருக்கத்தானே செய்யும்? நியெப்ஸ் செய்ததை அதே முறையில் மறுபடி செய்து பார்த்த ஆய்வாளர்கள், பல நாட்கள் ஆகியிருக்கலாம் என்கிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் நீங்கள் பார்க்கும் கறுப்பு வெள்ளைப் படம் தகட்டின் அசல் தோற்றம் இல்லை. 1952-ல் இந்தத் தகட்டைத் தேடிக் கண்டுபிடித்த ஹெல்முட் கெர்ன்ஷைம், அதன் நகலின் மேல் தூரிகையால் கொஞ்சம் சரிசெய்து வெளியிட்ட வடிவம் அது. அசல் தகட்டை நேரே வைத்துப் பார்த்தால் மங்கலான ஒரு உலோகத் துண்டுதான். சரியான கோணத்தில் சாய்த்தால்தான் கூரை தெரியும்.

தகட்டில் என்ன தடவியிருந்தார்?

தார். யூதேயா தார் என்று அப்போது விற்ற ஒரு வகை. அதைப் பொடித்து லாவண்டர் எண்ணெயில் கரைத்து, தகட்டில் மெல்லிய பூச்சாகத் தடவிக் காயவைத்தார். தகடு பியூட்டர் உலோகம், வெள்ளீயம் அதிகமுள்ள கலவை. ரசம் வைக்கும் ஈயச்சொம்புக்குச் சொந்தக்கார உலோகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவு சுமார் 16 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர்.

இந்தத் தாருக்கு ஒரு குணம். வெயில் பட்ட இடத்தில் இறுகிவிடும், இறுகிய பிறகு எண்ணெயில் எளிதில் கரையாது. வெயில் படாத இடம் பழையபடி கரையும். எனவே பெட்டியிலிருந்து எடுத்த தகட்டை லாவண்டர் எண்ணெயும் பெட்ரோலிய எண்ணெயும் கலந்து கழுவினால், நிழலான இடங்களில் தார் போய் உலோகம் வெளியே தெரியும். வெளிச்சமான இடங்களில் வெளிறிய தார் தங்கும். அந்தத் தார்தான் படம்.

நியெப்ஸுக்கு முதலில் இருந்த ஆசை வேறு. தாரால் மூடாத இடத்தை அமிலத்தால் அரித்து, அச்சுத் தகடாக மாற்றி, மை தடவிப் பிரதிகள் எடுக்க வேண்டும். ஓவியப் பிரதிகளைத் தகட்டின் மேல் வைத்து வெயிலில் காட்டி அதைச் செய்தும் பார்த்தார், நன்றாகவே வந்தது. கேமராப் படம் அந்த வேலையின் இன்னொரு கிளை.

தார் வெயிலில் இறுகுகிறது, சரி. ஆனால் அதற்கு ஏன் ஒரு நாள் முழுக்க வேண்டும்? லென்ஸ் மோசமா?

லென்ஸும் ஒரு காரணம்தான், ஆனால் முக்கியமான காரணம் லென்ஸ் இல்லை. நியெப்ஸின் தகட்டில் வேலை முழுவதையும் வெளிச்சமே செய்து முடிக்க வேண்டியிருந்தது. அதற்கு உதவி ஆள் யாரும் இல்லை.

இதை இப்படிப் பாருங்கள். ஒரு தார்ப் பூச்சு இறுக வேண்டுமானால், அதிலுள்ள மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைய வேண்டும். ஒவ்வொரு பிணைப்புக்கும் தனித்தனியாக ஒளி வந்து வேலை செய்ய வேண்டும். ஒரு துளி ஒளி வந்தால் ஒரு துளி வேலை. பத்து நிமிட வெளிச்சம் பத்து நிமிட வேலையைத்தான் செய்யும். அதை எடுத்து எந்த எண்ணெயில் கழுவினாலும் ஒட்டுமொத்தப் பூச்சும் கரைந்து ஓடிவிடும், படம் இருக்காது. அரைகுறையாக வெந்த சாதம் மாதிரி. வெந்தது வெந்ததுதான், வேகாததைப் பரிமாறும்போது வேகவைக்க முடியாது.

அதோடு கேமராவுக்குள் வரும் வெளிச்சம் மிகக் குறைவு. வெளியே வெயிலில் நேரடியாகக் காட்டினாலே தாருக்குச் சில மணி நேரம் வேண்டும். லென்ஸ் வழியாக உள்ளே வந்து தகடு முழுவதும் பரவும் ஒளி, நேரடி வெயிலில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. போதாக்குறைக்கு, தாரை இறுக்குவது நம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் மஞ்சளோ சிவப்போ கிடையாது, பெரும்பாலும் நீலமும் ஊதாவும் கண்ணுக்கே தெரியாத புற ஊதாவும். கண்ணாடி லென்ஸ் அதில் ஒரு பகுதியை வழியிலேயே விழுங்கிவிடும்.

நியெப்ஸுக்கு முன்பே வெள்ளி உப்பு தடவிய தாளில் படம் வந்திருந்தது என்று படித்தேன். அது வேகமானதுதானே? ஏன் அதை விட்டுவிட்டுத் தாருக்குப் போனார்?

வந்தது, ஆனால் நிற்கவில்லை. இங்கிலாந்தில் தாமஸ் வெட்ஜ்வுட்டும் ஹம்ஃப்ரி டேவியும் 1802-ல் வெள்ளி உப்புத் தாளில் இலை, கண்ணாடி ஓவியம் போன்றவற்றின் நிழல்களைப் பதித்துக் காட்டினார்கள். நியெப்ஸே 1816-ல் கேமராவுக்குள் இப்படித் தாள் வைத்துப் படம் பிடித்தார்.

வெள்ளி உப்பு வெயில் பட்டால் கறுக்கும். படாத இடம் வெள்ளையாக இருக்கும். பிரச்சினை என்னவென்றால், அந்த வெள்ளையான இடத்திலும் உப்பு அப்படியே இருக்கிறது. படத்தைப் பார்க்க விளக்கடியில் கொண்டு போனால், பார்க்கப் பார்க்க அதுவும் கறுக்கும். வெட்ஜ்வுட் காலத்துப் படங்களை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடி வைக்க வேண்டியதுதான். பார்த்தாலே அழியும் படம்.

மிச்சமிருக்கும் உப்பைக் கழுவி எடுக்க வழி தெரியாததால்தான் நியெப்ஸ் தாருக்குப் போனார். தாரில் கழுவுவது சுலபம், எண்ணெய் போதும். வேகத்தைக் கொடுத்து நிலைப்பை வாங்கினார் என்று சொல்லலாம். இரண்டும் ஒருசேரக் கிடைக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆனது.

அப்புறம் டாகேர் என்ன புதிதாகச் செய்தார்?

லூயி டாகேர் பாரிஸில் டயோராமா என்ற பிரமாண்டமான ஒளி ஓவியக் காட்சி நடத்தியவர், அடிப்படையில் மேடை ஓவியர். 1829 டிசம்பரில் நியெப்ஸுடன் கூட்டு ஒப்பந்தம் போட்டார். 1833-ல் நியெப்ஸ் இறந்துவிட்டார். அதன் பிறகுதான் டாகேர் அந்தப் பெரிய விஷயத்தைக் கண்டார்: வெளிச்சம் வேலையைத் தொடங்கிவைத்தால் போதும், மீதியை ரசாயனம் முடித்துக் கொடுக்கும்.

வீட்டில் தயிர் உறைக்கும்போது என்ன செய்கிறோம்? பாலில் ஒரு கரண்டி உறைமோர் விடுகிறோம். விட்ட கையோடு பார்த்தால் பாலில் எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் இரவு முழுக்க வைத்தால் பானை முழுவதும் தயிர். டாகேரின் தகட்டில் வெளிச்சம் உறைமோர் மாதிரி. வெள்ளி அயோடைடு பூச்சின் மேல் அது சில இடங்களில் மிகச் சின்னதாக, சில அணுக்கள் அளவுக்கு, வெள்ளியைப் பிரித்து வைக்கும். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. அந்தத் தகட்டைப் பாதரச ஆவியில் காட்டினால், வெள்ளி பிரிந்திருக்கும் இடங்களைத் தேடிப் போய்ப் பாதரசம் படிந்து, கண்ணுக்குத் தெரியும் அளவு பெரிதாக வளரும்.

கண்ணுக்குத் தெரியாமல் தகட்டில் தங்கியிருக்கும் இந்தப் படத்தை மறைபடம் என்போம். இதை வெளியே கொண்டுவருவதுதான் டெவலப் செய்வது. மணிக்கணக்கு நிமிடக்கணக்கானது லென்ஸால் அல்ல, இதனால்தான். இருட்டறையில் பிரிண்ட் போட்டவர்களுக்கு இது புரியும். தட்டில் வெள்ளைத் தாள் மிதக்கும், ஒன்றுமே இருக்காது, பத்து வினாடி கழித்து மூக்கு முதலில் தெரியும், பிறகு முழி. நான் எத்தனை முறை பார்த்தாலும் அந்தப் பத்து வினாடி அலுத்ததில்லை.

உடைந்த வெப்பமானியால் பாதரசத்தைக் கண்டுபிடித்தார் என்ற கதை உண்மையா?

சரியாக வராத ஒரு தகட்டை அலமாரியில் போட்டு வைத்தார், சில நாள் கழித்துப் பார்த்தால் படம் வந்திருந்தது, அலமாரியில் சிந்தியிருந்த பாதரசம்தான் காரணம் என்று கண்டார் என்பது கதை. நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. கதைகளில் வரும் அலமாரி எப்போதும் வசதியாகத் திறந்து மூடும்.

டாகேர் முறையில் எடுக்கும் டாகேரோடைப் தகட்டை ஆரம்பம் முதல் கடைசி வரை எப்படிச் செய்தார்கள்?

1842 வாக்கில் ஒரு ஸ்டூடியோவில் முகப்படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம்.

தகடு செம்பு, மேலே மெல்லிய வெள்ளித் தகடு அழுத்தி ஒட்டியது. முதல் வேலை மெருகேற்றுவது. வேலையில் பாதி நேரம் இதற்கே போகும். நுண்ணிய நுரைக்கல் பொடியும் எண்ணெயும் போட்டுத் தேய்த்து, பிறகு மான்தோல் சுற்றிய நீளக் கட்டையில் காவிப் பொடி தூவி இழுத்து இழுத்து, கடைசியில் தகடு கறுப்புக் கண்ணாடி மாதிரி ஆக வேண்டும். மூச்சுக்காற்று பட்டால்கூடக் கறை. கடைசி இழுப்பு படத்தின் இடமிருந்து வலமாகப் போக வேண்டும். மேலிருந்து கீழாக இழுத்துவிட்டால் அந்த மெல்லிய கோடுகள் படத்தைப் பார்க்கும்போது பளிச்சென்று தெரியும்.

அடுத்து அயோடின் பெட்டி. மரப்பெட்டியின் அடியில் அயோடின் செதில்கள், மேலே தகட்டைக் கவிழ்த்து மூடினால் ஆவி ஏறி வெள்ளியோடு சேரும். எவ்வளவு ஏறியது என்று எப்படித் தெரியும்? நிறம் பார்த்துத்தான். மழை ரோட்டில் சிந்திய பெட்ரோல் நிறம் காட்டுவது போல, பூச்சு தடிக்கத் தடிக்கத் தகடு வெளிர் மஞ்சள், பொன் மஞ்சள், இளஞ்சிவப்பு, ஊதா, நீலம் என்று மாறிக்கொண்டே போகும். டாகேர் பொன் மஞ்சளில் நிறுத்தச் சொன்னார். ஊதாவைத் தொட்டுவிட்டால் தகட்டின் வேகம் குறைந்துவிடும், மறுபடி மெருகிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். 1842-க்குள் இன்னொரு பெட்டியும் சேர்ந்திருந்தது, புரோமின் பெட்டி. அயோடின், புரோமின், மறுபடி கொஞ்சம் அயோடின் என்று ஆவி காட்டினார்கள். இதைச் செய்பவருக்கு நிறம் பார்க்கும் கண் இருந்தால் பிழைத்தார்.

பிறகு தகட்டை வெளிச்சம் புகாத சட்டத்தில் போட்டுக் கேமராவில் செருகி, லென்ஸ் மூடியைக் கையால் கழற்றி, எண்ணி, மூடுவார்கள். ஷட்டர் எல்லாம் கிடையாது. வேகமே இல்லாத இடத்தில் ஷட்டர் எதற்கு?

இருட்டறையில் அடுத்தது பாதரசம். இரும்புக் கிண்ணத்தில் பாதரசம், அடியில் ஸ்பிரிட் விளக்கு, மேலே தகடு 45 பாகைச் சாய்வில். சூடு 60-லிருந்து 75 டிகிரி செல்சியஸ் வரை. பெட்டியின் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியே மெழுகுவர்த்தியைப் பிடித்து, படம் எழுந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, போதும் என்னும்போது எடுக்க வேண்டும். சூடு மிஞ்சினால் நிழல் பகுதிகளிலும் பாதரசம் படிந்து படம் முழுக்க மூடுபனி.

அதன் பின் ஹைப்போக் கரைசலில் போட்டு மிச்ச அயோடைடைக் கரைத்து, தண்ணீரில் அலசுவார்கள். கடைசியாகத் தகட்டை மட்டமாகப் பிடித்து, தங்கக் குளோரைடு கலந்த கரைசலை ஊற்றி, அடியில் விளக்கால் சூடாக்குவார்கள். இது இப்பொலிட் ஃபிசோ 1840-ல் சொன்ன முறை. தங்கம் படிந்ததும் படம் கொஞ்சம் உறுதியாகும், நிறத்தில் இதமும் வரும். அப்போதும் விரலால் தொட்டால் போச்சு. எனவே கண்ணாடி போட்டு, ஓரம் முழுக்கக் காகிதம் ஒட்டி அடைத்து, தோல் உறையிட்ட சிறு பெட்டியில் வைத்துக் கொடுப்பார்கள்.

ஹைப்போ என்றால் எது? ஸ்டூடியோக்காரர்கள் சொல்லும் அதே ஹைப்போவா?

அதேதான், சோடியம் தயோசல்பேட். மீன் தொட்டித் தண்ணீரில் குளோரினைப் போக்கப் போடும் படிகமும் இதுதான்.

இது வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷெல் 1819-லேயே கண்டிருந்தார். அப்போது புகைப்படம் என்ற ஒன்றே கிடையாது, அதனால் யாருக்கும் தேவைப்படவில்லை. 1839 ஜனவரியில் டாகேரின் செய்தி லண்டனுக்கு வந்ததும், தன் பழைய கண்டுபிடிப்பு ஞாபகம் வந்து ஹெர்ஷெல் உடனே முயன்று பார்த்தார், வேலை செய்தது. டாகேர் அதுவரை சமையல் உப்புக் கரைசலைத்தான் பயன்படுத்திவந்தார். உப்பு அரைகுறையாகத்தான் நிலைநிறுத்தும். அவரும் சீக்கிரமே ஹைப்போவுக்கு மாறினார். நியெப்ஸ் 1816-ல் தேடியது இந்தப் பொருளைத்தான்.

படத்தை நிலைநிறுத்தும் இந்த ஃபிக்ஸ் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் உடனே தெரியாது, அதுதான் இதில் வம்பு. அவசரத்தில் ஹைப்போவில் பாதி நேரம் மட்டும் போட்டெடுத்த ஒரு கல்யாண பிரிண்ட்டை நானே கொடுத்திருக்கிறேன். இரண்டு வருடத்தில் மாப்பிள்ளையின் வேட்டி பழுப்பாகிவிட்டது.

பாரிஸ் தெருவை எடுத்த அந்தப் பழைய படத்தில் ஏன் ஆளே இல்லை?

ஆட்கள் இருந்தார்கள், நிற்கவில்லை. டாகேர் 1838-ல் தன் வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்த பூல்வார் து டாம்பிள் என்ற சாலையின் படம் அது. பகல் நேரம், வண்டியும் கூட்டமுமாக இருந்த சாலை. தகட்டுக்கு வெளிச்சம் காட்டும் நேரம், அதாவது எக்ஸ்போஷர், பல நிமிடங்கள். ஒருவர் லென்ஸுக்கு முன்னால் நடந்து போனால், தகட்டின் ஒரு புள்ளியில் அவர் இருப்பது ஒரு வினாடிகூட இல்லை. அந்த இடத்தில் மீதி நேரம் முழுவதும் பதிவது பின்னாலிருக்கும் தரை. ஆகவே தரைதான் ஜெயிக்கும்.

ஒரே ஒருவர் தப்பினார். தெரு முனையில் காலைத் தூக்கி வைத்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவர். தந்தி கண்ட சாமுவேல் மோர்ஸ் 1839 மார்ச்சில் டாகேரைப் பார்க்கப் போய் இந்தப் படத்தைக் கண்டார். அந்த ஆளின் கால்கள் தெளிவாக இருப்பதையும், தலையும் உடலும் அசைந்ததால் தெளியாமல் போனதையும் வீட்டுக்கு எழுதினார். அந்தச் சந்திப்பின் தொடர்ச்சியாக டாகேர் மோர்ஸைப் பார்க்கப் போயிருந்த வேளையில்தான் டயோராமா எரிந்து சாம்பலானது என்பது உபகதை.

நிமிடக்கணக்கு எப்போது வினாடிக்கணக்கானது?

மூன்று நான்கு வருடத்தில். 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிஸில் முறை முழுவதையும் வெளியிட்டபோது, டாகேர் சொன்ன எக்ஸ்போஷர் 3 நிமிடம் முதல் 30 நிமிடம் வரை. பருவம், நேரம், பொருளைப் பொறுத்து மாறும். இதை வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை எடுப்பது நடக்காத காரியம்.

முதல் தடை லென்ஸ். டாகேரின் கேமராவில் இருந்தது ஷெவாலியே செய்த லென்ஸ், காட்சிகளுக்கு ஏற்றது. தெளிவுக்காக முன்னால் சிறு துளை வைத்திருந்ததால் அதன் துளை அளவு இன்றைய கணக்கில் சுமார் f/15. ஹங்கேரியக் கணித அறிஞர் யோசெஃப் பெட்ஸ்வால் வியன்னாவில் 1840-ல் கணக்குப் போட்டு வடிவமைத்த முகப்பட லென்ஸ் f/3.6. இந்த எண் சிறிதானால் வெளிச்சம் கூடும், அதுவும் எண்ணின் வர்க்கத்துக்குத் தலைகீழாக. 15-ஐ 3.6-ஆல் வகுத்தால் 4.1 சொச்சம், அதன் வர்க்கம் சுமார் 17. அதாவது 17 மடங்கு வெளிச்சம். நல்ல வெயிலில் 15 நிமிடம் எடுத்த தகடு இப்போது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இரண்டாவது புரோமின். அயோடினோடு புரோமின் சேர்த்தால் தகட்டின் வேகம் இன்னும் பல மடங்கு கூடும் என்று லண்டனில் ஜான் கோடார்டு 1840 கடைசியில் தெரிவித்தார். இரண்டும் சேர்ந்ததும் நல்ல வெளிச்சத்தில் வினாடிகளில் முகப்படம் வந்தது.

இன்றைய கேமராவோடு ஒப்பிட்டால் எவ்வளவு மெதுவென்று புரியும். வெயிலில் ஐஎஸ்ஓ 100, துளை f/16 என்றால் எக்ஸ்போஷர் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு. ஏறத்தாழ அதே துளையில் டாகேரின் தகட்டுக்கு 15 நிமிடம், அதாவது 900 வினாடி. 90,000 மடங்கு வித்தியாசம்.

பழைய படங்களில் யாரும் சிரிக்காததற்கு இதுதான் காரணமா?

பாதிக் காரணம். முப்பது வினாடி சிரித்த முகத்தோடு இருந்து பாருங்கள், தாடை வலிக்கும். ஆனால் எக்ஸ்போஷர் குறைந்த பிறகும் பல வருடம் மக்கள் சிரிக்காமலேதான் உட்கார்ந்தார்கள், எழுதிய ஓவியத்துக்கு உட்காரும் பழக்கத்தில். அசையாமல் இருக்கத் தலைக்குப் பின்னால் இரும்புக் கவ்வி வைத்த தாங்கி இருக்கும். சில படங்களில் காலுக்குப் பின்னால் அதன் பாதம் எட்டிப் பார்க்கும்.

டாகேரோடைப் என்று ஒருவர் காட்டுகிறார். அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது? தகட்டில் குறை இருந்தால் தெரியுமா?

கையில் வாங்கிச் சாயுங்கள். உங்கள் முகம் அதில் கண்ணாடி போலத் தெரிந்து, சாய்க்கச் சாய்க்கப் படம் நெகட்டிவாகவும் பாசிட்டிவாகவும் மாறினால் அது டாகேரோடைப். வெளிச்சப் பகுதிகள் பாதரசம் படிந்த வெண்மை, நிழல் பகுதிகள் வெறும் வெள்ளிக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் இருண்ட ஏதாவது பிரதிபலித்தால்தான் நிழல் கறுப்பாகும், அதனால் கறுப்புத் துணிக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள். இதைப் போலவே பெட்டியில் வரும் கண்ணாடிப் படமோ இரும்புத் தகட்டுப் படமோ இப்படி மாறாது. பெரும்பாலான டாகேரோடைப்களில் இடம் வலம் மாறியிருக்கும், கோட்டுப் பொத்தான் தப்பான பக்கம் இருக்கும்.

குறைகளும் கண்ணில் படும். வெள்ளைச் சட்டையோ வானமோ நீலமாகத் தெரிந்தால் எக்ஸ்போஷர் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். சட்டை மட்டும் தெரிந்து கோட்டு முழுக்க இருண்ட பள்ளமாக இருந்தால் போதவில்லை. உதடும் சிவந்த முகமும் கறுத்திருந்தால் அது குறையே இல்லை, இந்தத் தகட்டுக்குச் சிவப்பு தெரியாது, அவ்வளவுதான்.

ஒன்றுக்கு மேல் பிரதி வேண்டுமென்றால்?

முடியாது. ஒரு தகடு ஒரு படம். இரண்டு வேண்டுமென்றால் இரண்டு முறை உட்கார வேண்டும், அல்லது தகட்டையே மறுபடி படம் பிடிக்க வேண்டும். இந்த இடத்தில்தான் இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்பட் 1841-ல் காப்புரிமை பெற்ற காகித நெகட்டிவ் முறை ஜெயித்தது. அவரும் மறைபடத்தையே நம்பினார், டெவலப் செய்ய அவருக்குப் பாதரசத்துக்குப் பதில் காலிக் அமிலம். ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரிண்ட் வேண்டுமானாலும் போடலாம்.

மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் 1858-ல் கேமராவோடு வந்த கேப்டன் லினேயஸ் ட்ரைப் எடுத்து வந்தது காகித நெகட்டிவ்தான். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, பிரிண்டுகளை வரிசையாக ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். டாகேரோடைப்பில் அது ஆகிற வேலையில்லை. எழுத்தெல்லாம் திரும்பியிருக்கும், பிரதியும் கிடைக்காது.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

பாதரசத்தைச் சூடாக்கும் முறை வேண்டவே வேண்டாம். ஆவி வாசனை இல்லாமல் நுரையீரலுக்குப் போகும், நரம்பைக் கெடுக்கும். புரோமினும் சளைத்ததில்லை.

எட்மோன் பெக்கரெல் 1840-ல் கண்ட வேறொரு வழி இருக்கிறது. அயோடின் மட்டும் காட்டிய தகட்டைக் கேமராவில் வெளிச்சம் காட்டிவிட்டு, சிவப்பு அல்லது ஆரஞ்சுக் கண்ணாடியின் கீழே நேரம் எடுத்துப் பலமான வெளிச்சத்தில் வைத்தால், பாதரசம் இல்லாமலே படம் வளரும். இன்று இந்தக் கலையைச் செய்பவர்கள் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். எக்ஸ்போஷர் நீளமாக இருக்கும், அயோடின் ஆவிக்கும் காற்றோட்டம் தேவை.

பழைய தகடு ஒன்று கிடைத்திருக்கிறது, மங்கலாக இருக்கிறது. துடைக்கலாமா?

வேண்டாம். கண்ணாடியைக்கூடத் திறக்காதீர்கள். ஓரங்களில் நீலமும் பழுப்புமாக வளையம் தெரிந்தால் அது காற்று பட்டு வெள்ளி கறுத்தது, படம் அதன் அடியில் இருக்கிறது. படம் என்பது வெள்ளியின் மேல் தூசி மாதிரி ஒட்டியிருக்கும் துகள்கள். மெல்லிய துணி பட்டாலே கூடவே வந்துவிடும். வெள்ளிப் பாத்திரம் துலக்கும் திரவங்கள் கறையோடு சேர்த்துப் படத்தையும் தின்னும்.

பூட்ஸ் பாலிஷ் ஆள் இருந்த அந்தத் தகட்டுக்கே இதுதான் நடந்தது. டாகேர் அதை பவேரிய அரசருக்கு அனுப்பியிருந்தார், பிற்பாடு மியூனிக்கில் இருந்தது. யாரோ சுத்தம் செய்யப் போய் படம் ஏறக்குறைய அழிந்தேவிட்டது. இன்று நாம் பார்ப்பது அதற்கு முன்பே யாரோ எடுத்து வைத்த நகல்.